"இதைப் பேச இவர் ஏன்?": மாநாட்டு உரை முன்மொழிவில் பேச்சாளர் குறிப்பு எழுதும் முறை

ஒரு மாநாட்டில் உரையாற்ற விண்ணப்பிக்கும்போது தலைப்பு, சுருக்கம், விளக்கம் என்று சில பெட்டிகளை நிரப்பச் சொல்வார்கள். கடைசியில் உங்களைப் பற்றி எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பேச்சுவழக்கில் அதை 'பயோ' என்கிறோம். சுருக்கத்துக்கு இரண்டு வாரம் செலவழித்தவர்கள்கூட இந்தப் பெட்டியில், எப்போதோ எழுதிவைத்த நாலு வரியை ஒட்டிவிட்டு 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அந்த நாலு வரி எதுவும் சொல்வதில்லை.

குழுவினர் அந்தப் பெட்டியை ஒரே கேள்வியோடுதான் திறக்கிறார்கள்: இந்தத் தலைப்பில் சொல்லியிருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எவ்வளவு பெரியவர் என்பது அங்கே கேள்வி அல்ல. தலைப்பும் சுருக்கமும் ஒரு கூற்றை முன்வைக்கின்றன, பேச்சாளர் குறிப்பு அந்தக் கூற்றுக்கான சாட்சி. வேலைக்கு அனுப்பும் தன்விவரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். தன்விவரம் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையைச் சொல்லும். பேச்சாளர் குறிப்போ அந்த வாழ்க்கையிலிருந்து இந்த ஒரு தலைப்பைத் தொடும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டும்.

ஒரு கற்பனை உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகர் ஒருவர் இருக்கிறார். பைத்தான் நிரலாளர்கள் கூடும் ஒரு மாநாட்டுக்கு 25 நிமிட உரை ஒன்றை முன்மொழிகிறார். தலைப்பு: 'தமிழ்ப் பெயர்கள் ஏன் அகரவரிசையில் நிற்பதில்லை? ஒரு நூலக அட்டவணையைத் திருத்திய கதை'. அவர் முதலில் எழுதிய குறிப்பு இது:

> மதுரையைச் சேர்ந்த இவர் நூலகத் துறையில் 14 ஆண்டு அனுபவம் பெற்றவர். நூலகவியலில் முதுகலைப் பட்டமும் கணினிப் பயன்பாட்டில் பட்டயமும் பெற்றவர். தமிழ்க் கணிமையிலும் பைத்தானிலும் மிகுந்த ஆர்வம் கொண்டவர். பல கருத்தரங்குகளில் கலந்துகொண்டவர். சிறந்த நூலகர் விருது பெற்றவர்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் 14 ஆண்டு எதைச் செய்த அனுபவம் என்று தெரியவில்லை. புத்தகம் வழங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாலும் 14 ஆண்டு ஆகிவிடும். 'மிகுந்த ஆர்வம்' என்பது விண்ணப்பித்த எல்லோருக்கும் பொது. ஆர்வம் இல்லாதவர் விண்ணப்பித்திருக்கவே மாட்டார். விருது நூலகப் பணிக்குக் கிடைத்தது, வரிசைப்படுத்தும் நிரலுக்கு அல்ல. எல்லாவற்றையும்விட, தலைப்பைக் கைகொண்டு மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை மட்டும் படித்தால் இவர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று ஊகிக்க முடியாது. நூலகம், பைத்தான், தமிழ் மூன்றும் இருக்கின்றன. அவை சந்திக்கும் புள்ளி இல்லை.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கத் தலைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். தலைப்பில் இரண்டு கூற்றுகள் உள்ளன. தமிழ்ப் பெயர்கள் வரிசை தவறுகின்றன என்பது ஒன்று. ஓர் அட்டவணையைத் திருத்தியாயிற்று என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு காகிதத்தில் எழுதி, விடையையும் எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், பக்கத்து மேசைக்காரர் கேட்டால் எப்படிச் சொல்வோமோ அப்படி.

நம் நூலகரின் விடைகள் இப்படி இருந்தன என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தில் 6,200 தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆசிரியர் பெயர் அட்டவணையை அச்சிட்டு வாசிப்பறையில் வைப்பது வழக்கம். முதல் தடவை பைத்தானின் `sorted()` வைத்து வரிசைப்படுத்தி அச்சிட்டார். 'சகாயம்' முன்னாலும் 'சக்தி' பின்னாலும் வந்தன. அகராதியில் புள்ளி வைத்த மெய் முன்னால் வர வேண்டும். 'மனோகரன்' பெயர் 'மரகதம்' பெயருக்கு முன்னால் நின்றது. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய், ஆனால் கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் அது நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சிக்கலும் இருந்தது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருவர் ஒரே குறியாகவும் மற்றொருவர் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் உள்ளிட்டதால், திரையில் ஒன்றுபோலத் தெரிந்த பெயர் இரண்டு ஆசிரியர்களாக ஆகிவிட்டது. வாசகர்கள் பெயர் கிடைக்கவில்லை என்று திருப்பிச் சொன்ன பிறகே இவையெல்லாம் கண்ணில் பட்டன. அதன்பின் `PyICU` என்ற பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு தமிழ் வரிசையில் அடுக்கினார். இரண்டு ஆண்டாக அட்டவணை அப்படித்தான் அச்சாகிறது.

குறிப்புக்குத் தேவையான எல்லாமே இந்தப் பேச்சில் இருக்கிறது: என்ன செய்தார், எதன்மேல் செய்தார், எவ்வளவு, எவ்வளவு காலமாக, எது தவறியது. இவற்றில் கடைசியானது மிகவும் மதிப்புள்ளது. ஒரு வேலை எங்கே தவறும் என்பது அதைத் தானே செய்தவருக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து படித்தவருக்குத் தெரியாது. குறிப்பில் ஒரே ஒரு தவறின் பெயரைத் துல்லியமாகச் சொன்னால், பத்துப் பட்டங்கள் தராத நம்பிக்கையை அது தரும். திருத்திய குறிப்பு:

> மதுரையில் ஒரு கல்லூரியின் உதவி நூலகர். அங்குள்ள 6,200 தமிழ் நூல்களின் ஆசிரியர் அட்டவணையை 2 ஆண்டாகப் பைத்தானில் வரிசைப்படுத்தி அச்சிட்டுவருகிறார். 'சகாயம்' முன்னும் 'சக்தி' பின்னுமாக வந்த முதல் அச்சில் வாசகர்களால் பெயர்களைத் தேட முடியவில்லை. வேலை அங்கிருந்து தொடங்கியது. கணினி வரிசையை அகராதி வரிசையோடு ஒப்பிட்டு, பிழைகளைக் காரணப்படி மூன்று வகையாகப் பிரித்துவைத்திருக்கிறார்.

பட்டம் போய்விட்டது, விருதும் போய்விட்டது. உண்மையான முன்மொழிவில் 'ஒரு கல்லூரி' என்ற இடத்தில் கல்லூரியின் பெயர் வரும். அது அடையாளத்துக்குத்தான், ஆதாரத்துக்கு அல்ல. அதனால்தான் அதற்கு ஒரு சிறு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது.

வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'வரிசைப்படுத்தி அச்சிட்டுவருகிறார்' என்றால் இன்றும் செய்கிறார், சிக்கல் வந்தால் இவரே பார்க்கிறார் என்று பொருள். 'உருவாக்கினார்' என்றால் தொடக்கத்தில் இருந்தவர். 'பங்காற்றினார்' என்றால் ஏதோ ஓர் ஓரத்தில் இருந்தவர். ஐந்து பேர் சேர்ந்து செய்ததை ஒருவர் 'உருவாக்கினார்' என்று எழுதிவிட்டு, மேடையில் கேள்வி வரும்போது "அது இன்னொருவர் செய்தது" என்று சொல்ல நேர்ந்தால் அந்த உரை அங்கேயே சரிந்துவிடும். குழுவாகச் செய்த வேலை என்றால் 'நால்வர் குழுவில் பெயர் ஒருங்குறியாக்கத்தைக் கவனித்தவர்' என்று தன் பகுதியைப் பிரித்துச் சொல்லலாம். அது கூற்றைச் சுருக்குவதில்லை, உறுதியாக்குகிறது.

தமிழில் எழுதும்போது தனியாக ஒரு தொல்லை உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போக மொழி இடம் கொடுக்கும். மேடை அறிமுகங்களைக் கேட்டுக் கேட்டு நம் காதும் அதற்குப் பழகிவிட்டது: 'மதுரையில் பிறந்து, இன்ன கல்லூரியில் பயின்று, இன்ன பட்டம் பெற்று, இன்ன பொறுப்புகளை வகித்து, இன்ன விருதுகளைப் பெற்றுள்ள' என்று போய் இறுதியில்தான் பெயர் வந்து விழும். பொன்னாடை போர்த்தும் மேடையில் அது அழகு, ஏனென்றால் அங்கே கூட்டம் பெயருக்காகக் காத்திருக்கிறது. தேர்வுக் குழுவினருக்குப் பெயர் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அவர்கள் காத்திருப்பது வேலைக்கு. ஆகவே எச்சச் சங்கிலியை அறுத்து இரண்டு மூன்று முற்று வாக்கியங்களாக ஆக்கிவிட வேண்டும். முதல் வாக்கியம் யார் என்பது, ஐந்தாறு சொல்லில். இரண்டாவது வாக்கியத்திலேயே தலைப்பைத் தொடும் வேலை வந்துவிட வேண்டும். மூன்றாவது வாக்கியம்வரை தள்ளிப்போனால், நிகழ்ச்சி நிரலில் முதல் இரண்டு வரி மட்டும் தெரியும் இடங்களில் அது மறைந்துபோகும்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் 40 முதல் 60 சொல் போதும். விண்ணப்பத் தளம் எழுத்து எண்ணிக்கைக்கு எல்லை வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: நாம் எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் தளம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'மதுரை' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. 'நூலகம்' நமக்கு நான்கு, அங்கே ஆறு. 300 என்று எல்லை போட்டிருந்தால் 300 தமிழ் எழுத்துகள் உள்ளே போகாது. அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் போகும். வேறிடத்தில் எழுதி ஒட்டும்போது கடைசி வாக்கியம் பாதியில் வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான். ஒட்டியபின் பெட்டியின் கடைசிவரை இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்பது. `pretalx` போன்ற தளங்களில் `Biography` என்ற பெட்டி பொதுமக்களும் பார்ப்பது. உரை தேர்வானால் நிகழ்ச்சி நிரலில் அப்படியே வெளியாகும். `Notes` என்ற பெட்டி அமைப்பாளர்களுக்கு மட்டும். `Sessionize` தளத்தில் `Biography` தவிர `Tagline` என்று பெயருக்குக் கீழே ஒரு வரி போடும் இடமும் உண்டு. பலர் எல்லாவற்றையும் `Biography` பெட்டியிலேயே திணித்துவிடுகிறார்கள். உண்மையில் `Biography`, `Notes` இரண்டு பெட்டிகளுக்கும் குரலே வேறு. பொதுக் குறிப்பைப் படர்க்கையில் எழுதுவது வழக்கம், அமைப்பாளர் அதை வெட்டி ஒட்டி மேடையில் படிக்க வேண்டியிருக்கும். அமைப்பாளர்களுக்கான பெட்டியில் தன்மையில், நேராகப் பேசலாம். நம் நூலகர் அங்கே எழுதக்கூடியது இது:

> வரிசைப்படுத்தும் நிரல் நான் எழுதியது. திருத்துவதற்கு முன்னும் பின்னும் அச்சான அட்டவணைப் பக்கம் ஒவ்வொன்று இணைப்பில் இருக்கிறது. PyICU உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிப் பேசமாட்டேன். அதைப் பயன்படுத்தும் அளவுக்கே எனக்குத் தெரியும். மாநாட்டு மேடை இது முதல் தடவை. இதே பொருளை எங்கள் நூலகப் பணியாளர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

'இதைப் பற்றிப் பேசமாட்டேன்' என்ற வரியைச் சேர்க்கப் பலருக்கும் தயக்கமாக இருக்கும். தயங்க வேண்டாம். குழுவில் நிரல் நுணுக்கம் அறிந்த ஒருவர் இருப்பார். "நூலகருக்கு இதன் உள்கட்டமைப்பு தெரியுமா?" என்ற ஐயம் அவருக்கு எழும். அவர் கேட்பதற்கு முன்பே எல்லையை நீங்களே வரைந்துவிட்டால் அந்த ஐயத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. மேடை அனுபவம் இல்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அதற்கு ஈடாக வேறு எங்கே விளக்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

இணைப்பு ஒன்று போதும். நிரல் வைத்திருக்கும் இடமோ, ஒரு பக்கப் படமோ, முன்பு பேசிய காணொளியோ, தலைப்புக்கு மிக நெருங்கியதைக் கொடுங்கள். ஆறு இணைப்புகள் கொடுத்தால் எதைத் திறப்பது என்று தெரியாமல் ஒன்றையும் திறக்காமல் விடுவார்கள். அலுவலக வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால், குறிப்பில் போடும் எண்ணிக்கைகளை வெளியே சொல்லலாமா என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தேர்வான பிறகு எண்ணை எடுக்கச் சொன்னால், எதை நம்பித் தேர்ந்தெடுத்தார்களோ அதுவே போய்விடும்.

சில மாநாடுகளில் முதல் சுற்றில் பேச்சாளரின் பெயரையும் குறிப்பையும் மறைத்துவிட்டே மதிப்பிடுவார்கள். பெயருக்காக யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விண்ணப்ப அறிவிப்பிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள், ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் உங்கள் சாட்சி விளக்கப் பெட்டிக்குள் இடம் மாற வேண்டும். 'நான் மதுரையில் இன்ன கல்லூரியில்' என்று எழுதக் கூடாது. அடையாளம் வெளிப்பட்டால் முன்மொழிவைத் திருப்பி அனுப்பவும் கூடும். 'ஒரு கல்லூரி நூலகத்தின் 6,200 தமிழ் நூல்களுக்கான ஆசிரியர் அட்டவணையை வரிசைப்படுத்தியபோது கண்ட மூன்று வகைப் பிழைகளைக் காட்டுகிறேன்' என்று எழுதலாம். ஆள் தெரியாது, ஆனால் செய்தவர்தான் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

'இந்த ஒரு தலைப்பை' என்று தொடக்கத்தில் சொன்னதன் கனத்தைப் புரிந்துகொள்ள, அதே நூலகரை வேறொரு மாநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம். நூலகர்கள் கூடும் ஒரு கருத்தரங்கில் 'படிக்க வரும் மாணவர்கள் அச்சு அட்டவணையை இன்னும் ஏன் புரட்டுகிறார்கள்' என்று பேச விரும்புகிறார். இப்போது பைத்தான் வரி பின்னால் போக வேண்டும், முடிந்தால் வெளியேயும். முதல் குறிப்பில் நாம் தூக்கி எறிந்த 14 ஆண்டு இப்போது உள்ளே வரலாம், ஆனால் அதே உருவத்தில் அல்ல: '14 ஆண்டாக வாசிப்பறை உதவி மேசையில் இருப்பவர், கடந்த பருவத்தில் அட்டவணையைப் புரட்டிய ஒவ்வொருவரிடமும் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிவைத்தவர்'. அதே ஆள், அதே ஆண்டுகள். எது சாட்சி என்பதைத் தலைப்புதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு நல்ல குறிப்பை எழுதிச் சேமித்துவைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அனுப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். சேமித்துவைக்க வேண்டியது செய்த வேலைகளின் பட்டியலை: எண்ணிக்கை, தேதி, தவறியது எது என்பவற்றோடு. குறிப்பை அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கலாம். சில தளங்கள் சென்ற மாநாட்டுக்கு எழுதிய குறிப்பை அடுத்ததற்குத் தானாகவே நிரப்பிவைக்கும் என்பதால், இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பைக் காட்டாமல் குறிப்பை மட்டும் நண்பர் ஒருவருக்கு அனுப்பி, இவர் எதைப் பற்றிப் பேசுவார் என்று கேளுங்கள். அவர் 'நூலகம் பற்றி' என்றால் இன்னும் வேலை இருக்கிறது. 'தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவது பற்றி' என்றால் அனுப்பிவிடலாம்.

சில சமயம் எவ்வளவு முயன்றாலும் இந்தக் குறிப்பை எழுத முடியாது. காகிதத்தில் "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு எதிரே 'படித்தேன்', 'கேள்விப்பட்டேன்' என்று மட்டுமே வரும். அப்போது குறிப்பை ஊதிப் பெருக்கக் கூடாது. தலைப்பைச் சுருக்க வேண்டும். குறிப்பு எழுத வராதது பெரும்பாலும் தலைப்பு அகலமாக இருப்பதன் அறிகுறிதான். மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் 'தமிழ்ப் பிழைதிருத்திகளின் எதிர்காலம்' என்று முன்மொழிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தலைப்புக்கு அவரிடம் சாட்சி இல்லை, பெரிய ஆய்வாளரிடம்கூட இருப்பது கடினம். ஆனால் அவர் கையில் ஒன்று இருக்கிறது. வீட்டிலும் பேருந்திலும் கேட்ட 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'பைய' போன்ற 200 சொற்களை எழுதி, ஒரு திறந்தமூலப் பிழைதிருத்தியில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, எதைப் பிழை என்றது, மாற்றாக எதைக் காட்டியது என்று குறித்துவைத்திருக்கிறார். தலைப்பு 'மதுரைப் பேச்சுச் சொல் 200-ஐ ஒரு பிழைதிருத்தியிடம் கொடுத்தபோது' என்று மாறினால், குறிப்பு தானாகவே எழுதிக்கொள்ளும்:

> மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவி. தன் ஊர்ப் பேச்சிலிருந்து 200 சொற்களைத் திரட்டி, ஒரு திறந்தமூலத் தமிழ்ப் பிழைதிருத்தி ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறது என்று அட்டவணையாக்கியிருக்கிறார்.

இருபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள்தான். பட்டம் முடியவில்லை, மேடை அனுபவம் இல்லை. ஆனால் அந்த 200 சொல்லை உட்கார்ந்து சரிபார்த்தவர் இவர் என்பதால், அந்த மேடையில் அதைப் பேச இவரே ஏற்றவர். தலைப்பை இப்படி மாற்றியதும் சுருக்கத்தின் முதல் வாக்கியத்தையும் மறக்காமல் மாற்றிவிட வேண்டும். அங்கே பழைய 'எதிர்காலம்' உட்கார்ந்திருந்தால் குழுவினர் முதலில் படிப்பது அதைத்தான்.